கார்டு மேல் பழி போடுவதற்கு முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் முதல்முறையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கியிருந்தான்.

"மாமா, சைபர்பங்க் ஓடவே மாட்டேங்குது. ஊருக்குள்ள போனாலே லேக் அடிக்குது. கடையில கேட்டேன். கார்டு பத்தாது, பெரிய கார்டா மாத்திக்கங்கனு சொல்றாங்க. பழைய கார்டை எடுத்துக்கிட்டு மேல எவ்வளவு தரணும்னு கணக்கும் போட்டுக் கொடுத்துட்டாங்க."

என்ன கிராஃபிக்ஸ் கார்டு என்று கேட்டேன். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. மானிட்டர் சாதாரண 1080பி. சைபர்பங்க் 2077 கனமான கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1080பியில் அந்தக் கார்டு மூச்சுத் திணறும் அளவுக்கு இல்லை. "காசை வெளிய எடுக்காத. சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மாலையில் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினேன்.

அன்று அவன் மேசை முன்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்ததையும் அவனுக்குச் சொன்னதையும்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறையாக கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கார்டு, புராசசர், ராம் என்று மூன்று பெயர்களைக் கேட்கிறார்கள். மூன்றும் பெரிதாக இருந்தால் நல்லது என்ற அளவில் புரிந்துகொள்கிறார்கள். கேம் ஓடும்போது எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

திரையில் ஓடும் கேம் என்பது அடுத்தடுத்து வரும் படங்கள்தான். ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வர வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்டு. இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நீங்கள் W விசையை அழுத்துகிறீர்கள். அந்தச் செய்தி முதலில் போய்ச் சேர்வது புராசசரிடம். உங்கள் ஆள் ஓர் அடி முன்னால் போக வேண்டும். எதிரே சுவர் இருக்கிறதா? பக்கத்தில் நடந்து வருகிறவர் விலக வேண்டுமா? சிக்னல் மாறிவிட்டதா, மாறியிருந்தால் எந்தெந்த வண்டி நகர வேண்டும்? துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யார் ஓட வேண்டும், யார் திருப்பிச் சுட வேண்டும்? இவ்வளவையும் புராசசர்தான் கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. அதற்கு அப்புறம், இப்போது கேமரா பார்க்கும் திசையில் எவையெல்லாம் தெரியும், எவை சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன என்று பிரித்து, "இந்தக் கட்டடத்தை வரை, இந்த ஆளை இந்த நிலையில் வரை, இந்தக் காரை இங்கே வரை" என்று ஒரு நீண்ட பட்டியலை எழுதிக் கார்டிடம் கொடுக்கிறது. ஒரு ஃபிரேமுக்கே இப்படி ஆயிரக்கணக்கான கட்டளைகள் போகும். புராசசர் ஒரு புள்ளியைக்கூட வரைவதில்லை. எதை வரைய வேண்டும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

பட்டியலை வாங்கிக்கொண்டு கிராஃபிக்ஸ் கார்டு வரையத் தொடங்குகிறது. கேமில் நீங்கள் பார்க்கும் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனவை. ஒரு முகத்திலேயே ஆயிரக்கணக்கில் முக்கோணங்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் திரையில் எங்கே விழும் என்று கார்டு கணக்கிடுகிறது. பிறகு அந்த முக்கோணம் மூடுகிற ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம், நிழல் விழுகிறதா, ஈரத் தரையாக இருந்தால் எதிரே உள்ள விளக்கு அதில் தெரிகிறதா என்று பார்க்கிறது. 1080பி திரையில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. நிழல், ஒளிச்சிதறல், புகை என்று ஒரே பிக்சலுக்குப் பலமுறை கணக்குப் போட வேண்டிவரும். அத்தனையும் அந்த 16.7 மில்லிசெகண்டுக்குள்.

இரண்டு வேலையும் அடிப்படையிலேயே வேறு மாதிரியானவை. அதனால்தான் இரண்டு தனித்தனிச் சில்லுகள் தேவைப்படுகின்றன. கார்டின் வேலையை ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். கல்யாணப் பந்தியில் இருநூறு இலைக்குப் பரிமாறுவது போலத்தான். மூன்றாவது இலைக்குச் சாம்பார் ஊற்ற நூறாவது இலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும். ஆர்டிஎக்ஸ் 3060இல் இப்படிப் பரிமாற 3584 சிறிய கோர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக அப்படியொன்றும் வேகமானதில்லை, எண்ணிக்கைதான் பலம்.

புராசசரின் வேலையை அப்படிப் பங்கு போட முடியாது. சிக்னல் மாறியதா என்று தெரிந்த பிறகுதான் கார் நகருமா என்று தெரியும். கார் நகர்ந்த பிறகுதான் குறுக்கே வந்த ஆள் ஒதுங்குவாரா என்று தெரியும். ஒன்றின் விடையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். அதனால் இங்கே தேவைப்படுவது குறைந்த எண்ணிக்கையில், ஆனால் ஒவ்வொன்றும் மிக வேகமான கோர்கள். அவன் வாங்கியிருந்தது ஐ3-12100எஃப். நான்கே கோர், கோருக்கு இரண்டு வேலை வரிசை வீதம் எட்டு திரெட், அதிகபட்சம் 4.3 கிகாஹெர்ட்ஸ். பட்ஜெட் புராசசர்களில் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று. கோர் ஒவ்வொன்றும் நல்ல வேகம், ஆனால் நான்குதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கார்டு இந்த ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே புராசசர் அடுத்த ஃபிரேமுக்கான பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதனால் இருவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கூட்டக் கூடாது. யார் அதிக நேரம் எடுக்கிறாரோ அவர் நேரம்தான் ஃபிரேமின் நேரம். புராசசருக்கு 20 மில்லிசெகண்டு, கார்டுக்கு 12 மில்லிசெகண்டு ஆகிறது என்று வையுங்கள். ஃபிரேம் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் வரும், அதாவது நொடிக்கு 50. கார்டு தன் வேலையை 12இல் முடித்துவிட்டு மீதி 8 மில்லிசெகண்டு அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று சும்மா நிற்கும். இந்த நிலையில் இரண்டு மடங்கு வேகமான ஒரு கார்டை வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? அது 6 மில்லிசெகண்டில் முடித்துவிட்டு 14 மில்லிசெகண்டு சும்மா நிற்கும். திரையில் அதே 50தான்.

அன்று மாலை அவன் கம்ப்யூட்டரில் நடந்தது ஏறக்குறைய இதேதான்.

முதலில் MSI Afterburner போட்டேன். இலவச மென்பொருள். அதோடு சேர்ந்து வரும் RivaTuner மூலம் கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டும். கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, புராசசர் எத்தனை சதவீதம், ராம் எவ்வளவு, கார்டின் மெமரி எவ்வளவு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைக் காட்டும் ஃபிரேம்டைம் கோடு, இந்த ஐந்தும் போதும். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். அதிகம் வைத்தால் எதைப் பார்ப்பது என்றே தெரியாது.

"இப்ப ஊருக்கு வெளிய போ" என்றேன். கேம் நடக்கும் ஊரான நைட் சிட்டிக்கு வெளியே பேட்லேண்ட்ஸ் என்று ஒரு பொட்டல்காடு இருக்கிறது. மணல், பாறை, எப்போதாவது ஒரு வண்டி. அங்கே போய் நின்றான். 82 ஃபிரேம். கார்டு 97 சதவீதம். கோடு நூல் பிடித்தது போல நேராகப் போனது.

"சரி, இப்ப மார்க்கெட்டுக்குப் போ." அதே செட்டிங்ஸ், எதையும் தொடவில்லை. ஜனக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் 48க்கு இறங்கியது. அவன் "பாத்தீங்களா மாமா, பத்தல" என்றான். நான் கார்டின் எண்ணைக் காட்டினேன். 58 சதவீதம். புராசசர் 90ஐத் தாண்டி நின்றது.

பொட்டல்காட்டில் முழு மூச்சாக வேலை செய்த கார்டு, அவன் திணறுகிறது என்று நினைத்த இடத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வேலை செய்தது. நூறு பேர் நடக்கும் தெருவில் நூறு பேருக்கும் முடிவெடுக்க வேண்டியது புராசசர். அது பட்டியலை முடித்துக் கொடுக்கும்வரை கார்டு காத்திருந்தது. பெரிய கார்டு வாங்கியிருந்தால் பொட்டல்காட்டில் ஃபிரேம் ஏறியிருக்கும். அவன் விளையாடுவது ஊருக்குள்.

உறுதி செய்துகொள்ள இன்னொரு சோதனை இருக்கிறது. மென்பொருள் எதுவும் இல்லாமலே யாரும் செய்து பார்க்கலாம். கேமின் ரெசல்யூஷனை மட்டும் குறைத்துப் பாருங்கள், மற்ற எதையும் தொடாதீர்கள். ரெசல்யூஷன் குறைந்தால் வரைய வேண்டிய பிக்சல் குறையும், கார்டின் வேலை குறையும். தெருவில் நடப்பவர்களின் எண்ணிக்கை குறையாது, அதனால் புராசசரின் வேலை அப்படியே இருக்கும். ஃபிரேம் ஏறினால் தடையாக இருந்தது கார்டு. ஏறவில்லை என்றால் கார்டின் மேல் பழி போடாதீர்கள்.

அவன் அறியாமலே இந்தச் சோதனையில் பாதியைச் செய்து வைத்திருந்தான். லேக்கைக் குறைக்க DLSS போட்டிருந்தான். Quality நிலையில் 1080பி திரைக்கு உள்ளே 1280×720 அளவில்தான் படம் வரையப்படும், பிறகு கார்டு அதைப் பெரிதாக்கிக் காட்டும். "அதைப் போட்டும் ஊருக்குள்ள ஒண்ணும் மாறல மாமா" என்றான். அதுவே போதுமான சாட்சி. இருந்தாலும் அவன் கண்ணால் பார்க்கட்டும் என்று Performance நிலைக்கு மாற்றச் சொன்னேன். உள்ளே வரையும் அளவு 960×540க்கு இறங்கியது. பொட்டல்காட்டில் 82 என்பது 104 ஆனது. மார்க்கெட்டில் 48 என்பது 48ஆகவே இருந்தது. படம் மட்டும் மங்கியது.

ஒரு எச்சரிக்கை. எல்லா கேமிலும் புராசசர் இப்படி 90 சதவீதத்தைக் காட்டிக்கொடுக்காது. சைபர்பங்க் பல திரெட்களில் வேலையைப் பரப்பத் தெரிந்த கேம். பழைய கேம்கள் பலவற்றில் முக்கியமான வேலையெல்லாம் ஒரே திரெட்டில் ஓடும். 12 திரெட் உள்ள புராசசரில் ஒரு திரெட் முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். மொத்தம் 30 சதவீதம் என்று காட்டும், "புராசசர் சும்மாதானே இருக்கு" என்று தோன்றும். உண்மையில் அந்த ஒரு கோர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். அதனால் நான் புராசசரின் எண்ணை நம்புவதைவிடக் கார்டின் எண்ணைத்தான் நம்புவேன். ஃபிரேமுக்கு வரம்பு எதுவும் வைக்காமல், ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். கார்டு 95க்கு மேல் இருந்தால் தடை கார்டு. அதற்கு நன்றாகக் கீழே இருந்தால் கார்டு வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது.

அந்த வேறு யாரோ எப்போதும் புராசசராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ராமாகவும் இருக்கலாம். அவன் கம்ப்யூட்டரில் உண்மையான கோளாறு அங்கேதான் இருந்தது.

மார்க்கெட்டில் 48 ஃபிரேம் என்றாலும் ஓரளவு விளையாடலாம். அவனை எரிச்சல்படுத்தியது அது இல்லை. வண்டியில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் திரும்பும்போது படம் ஒரு கணம் அப்படியே உறைந்து, பிறகு குதித்தது. ஃபிரேம்டைம் கோட்டில் அந்த இடத்தில் முள் மாதிரி ஒரு கூர் எழும்பியது. 150 மில்லிசெகண்டு. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லும் எஃப்பிஎஸ் எண்ணில் பார்த்தால் இது பிடிபடாது. ஒரு நொடியில் 51 ஃபிரேம் ஒழுங்காக 16.7 மில்லிசெகண்டில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் 150 எடுத்துக்கொண்டால், எண் 52 என்று காட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியும், ஏதோ தடுக்கி விழுந்த மாதிரி. கேம் திக்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எண் குறைகிறதா, இல்லை எண் நன்றாக இருக்கும்போதே தடுக்குகிறதா என்பதைத்தான். முன்னது பெரும்பாலும் கார்டோ புராசசரோ. பின்னதற்குப் பலமுறை மெமரியே காரணமாக இருந்து பார்த்திருக்கிறேன்.

மெமரி என்ன செய்கிறது என்பதை மளிகைக் கடையை வைத்துச் சொல்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் அலமாரி இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி குடோன் இருக்கிறது. சரக்கு முழுவதும் குடோனில்தான் கிடக்கிறது, ஆனால் வியாபாரம் நடப்பது அலமாரியிலிருந்து. கேட்ட பொருள் அலமாரியில் இருந்தால் கை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடலாம். இல்லை என்றால் பையனைக் குடோனுக்கு அனுப்ப வேண்டும், அதுவரை வந்தவர் நிற்க வேண்டும். குடோன்தான் எஸ்எஸ்டி. அலமாரிதான் ராம். நைட் சிட்டியின் தெருக்கள், சத்தங்கள், ஆட்களின் அசைவுகள் எல்லாம் எஸ்எஸ்டியில் கிடக்கின்றன. இப்போதைக்கும் அடுத்த சில நொடிகளுக்கும் வேண்டியவை ராமில் எடுத்து வைக்கப்படுகின்றன. புராசசர் ராமிலிருந்துதான் வேலை செய்யும்.

அவன் ராம் 8 ஜிபி. சைபர்பங்க் 2077க்கு அதன் நிறுவனம் 2023இல் புதுப்பித்த பட்டியலில் குறைந்தபட்சமே 12 ஜிபி என்றுதான் இருக்கிறது. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். விண்டோஸ், பின்னால் திறந்து கிடந்த பிரவுசர், டிஸ்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரு பங்கைப் பிடித்திருந்தன. மீதியைக் கேம் நிரப்பியிருந்தது. 7.6 ஜிபி நிறைந்திருந்தது. புதுத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் விண்டோஸ் பழைய சரக்கை அலமாரியிலிருந்து இறக்கி எஸ்எஸ்டிக்கு அனுப்பிவிட்டு, புதுச் சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முள்ளும் எழும்பும் நேரத்தில் டிஸ்க் வரைபடமும் கூடவே எழும்பியது. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவனே சொன்னான், "அப்ப கார்டு இல்லையா?"

அதே திரையில் இன்னும் இரண்டு வரி இருந்தன. ஒன்று `Slots used: 1 of 2`. இன்னொன்று Speed என்ற இடத்தில் 2666. அவன் வாங்கியது 3200 என்று எழுதியிருந்த ராம்.

ஒற்றை ராம் ஸ்டிக் என்பது புதிதாக வாங்குகிறவர்கள் அடிக்கடி விழும் குழி. புராசசருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு பாதைகள் இருக்கின்றன. இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு பாதையிலும் சரக்கு வரும். ஒன்று போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். 3200 வேகத்தில் டிடிஆர்4 ராம் ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரண்டில் 51.2. மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஒரு 16 ஜிபி ஸ்டிக்கும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளும் கேமில் ஒன்று போல நடக்காது. "அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்று சொல்லி ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த அப்புறம் பல வீட்டில் வருவதே இல்லை.

வேகத்தின் கதை இன்னும் எளிது. பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தில் ராம் தானாக ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல ஸ்டிக்குகள் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒரு பாதுகாப்பான வேகத்தில் தொடங்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாசுக்குள் போய் `XMP` என்று இருப்பதை ஒருமுறை இயக்கினால்தான் முழு வேகம் வரும். ஏஎம்டி போர்டுகளில் டிடிஆர்5க்கு அது `EXPO` என்று இருக்கும். இதற்குக் காசு ஒன்றும் கிடையாது, இரண்டு நிமிட வேலை. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு கடையை விட்டு வருவதற்கு முன்பே டாஸ்க் மேனேஜரில் இந்த இரண்டு வரியையும் பார்த்துவிடுங்கள்.

அளவும் வேகமும் புராசசரை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்றால், ராமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர 80 நானோசெகண்டு அளவில் ஆகிறது. 4.3 கிகாஹெர்ட்ஸ் புராசசருக்கு அது முந்நூறு துடிப்புகளுக்கும் மேல் சும்மா காத்திருக்கும் நேரம். அதைத் தவிர்க்கத்தான் புராசசருக்குள்ளேயே கேஷ் என்று சின்ன அலமாரி வைத்திருக்கிறார்கள். 12100எஃப்பில் அது 12 எம்பி. ஏஎம்டி 5800எக்ஸ்3டி போன்றவற்றில் 96 எம்பி. அந்த வகைப் புராசசர்கள் கேமில் மட்டும் அவ்வளவு வேகமாக இருப்பதற்குக் காரணம், ராமைத் தேடிப் போக வேண்டிய அவசியம் குறைவது.

கார்டுக்கு இந்த ராமோடு நேரடி வேலை அதிகம் இல்லை. அதற்கென்று தனி மெமரி கார்டிலேயே இருக்கிறது. அதைத்தான் விராம் என்கிறோம். கட்டடச் சுவரின் சொரசொரப்பு, தோலின் நிறம், சட்டையின் நெசவு என்று வரைவதற்கு வேண்டிய படங்கள் அங்கே இருக்கும். 4096×4096 அளவுள்ள ஒரே ஒரு படம் சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. கேம்கள் அதை நான்கில் ஒன்றாகச் சுருக்கி வைக்கின்றன. அப்படியும் ஒரு தெருவில் இப்படி எத்தனை படங்கள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 3060இன் விராம் நொடிக்கு 360 ஜிபி வேகத்தில் சரக்கு கொடுக்கும். விராம் நிரம்பிவிட்டால் மீதியைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து ஸ்லாட் வழியாகத்தான் இழுக்க வேண்டும். அந்த வழியின் வேகம், அவனுடையது போன்ற போர்டில் நொடிக்குச் சுமார் 32 ஜிபி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் விராம் தீர்ந்தால் கேம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகாது, பள்ளத்தில் விழுந்தது போல விழும். தொடங்கிய பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திணறுவது, பக்கத்தில் போன பிறகும் சுவர் மங்கலாகவே இருப்பது, இரண்டும் அதன் அடையாளம். அவனுடைய 12 ஜிபியில் 7தான் நிறைந்திருந்தது, அந்தக் கவலை இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விராமின் அளவு கார்டின் வேகம் இல்லை. "4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு" என்று சொல்லி விற்பதைக் கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஜிடி 730 கார்டும் 4 ஜிபியில் வந்திருக்கிறது, ஜிடிஎக்ஸ் 1650 கார்டும் 4 ஜிபிதான். 730இல் இருப்பது டிடிஆர்3 மெமரி என்றால் அதன் வேகம் நொடிக்கு 30 ஜிபியைத் தாண்டாது. 1650இல் அந்த வேகம் குறைந்தது 128 ஜிபி. வரையும் கோர்களின் எண்ணிக்கையிலும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒன்று திரையில் படம் வரவழைக்கும் கார்டு, இன்னொன்று கேம் ஓட்டும் கார்டு. பெட்டியில் இரண்டிலும் 4 ஜிபி என்றுதான் பெரிதாக எழுதியிருக்கும். ஜிபியைக் கேட்காதீர்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள்.

தனிக் கார்டே வாங்காமல் 5600ஜி போன்ற புராசசரின் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பித் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் அங்கே விராம் தனியாகக் கிடையாது, ராமையே இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் ஒற்றை ஸ்டிக் போடுவது போல ஒரு நஷ்டம் வேறில்லை.

திங்கள்கிழமை அவன் அதே மாடலில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கி வந்தான். கம்ப்யூட்டரை அணைத்து, சுவரில் சுவிட்சையும் அணைத்து, இரண்டாவது ஸ்லாட்டில் இரு பக்கமும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினோம். பயாசில் `XMP` இயக்கினோம். டாஸ்க் மேனேஜரில் `Slots used: 2 of 2`, 3200. அப்புறம் அதே வண்டி, அதே தெரு, அதே திருப்பம். முள் எழும்பவில்லை. ராம் 11 ஜிபிக்குப் பக்கத்தில் நின்றது. மார்க்கெட்டில் 48 என்பது 56 ஆனது.

56இல் நின்றதற்குக் காரணம் இப்போது உண்மையிலேயே புராசசர். நான்கு கோர் அவ்வளவுதான் செய்ய முடியும். கேமின் செட்டிங்ஸில் `Crowd Density` என்று ஒன்று இருக்கிறது. தெருவில் எத்தனை பேர் நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. புராசசரின் பளுவை நேரடியாகக் குறைக்கும் அபூர்வமான செட்டிங்குகளில் அதுவும் ஒன்று. அதை ஒரு படி குறைத்ததும் 63 வந்தது. கார்டு இன்னும் 75 சதவீதத்தில்தான் இருந்தது, அதாவது அதற்கு நேரம் மீதம் இருந்தது. அந்த மீதத்தைப் பயன்படுத்தி நிழலின் தரத்தையும் வெளிச்சத்தின் தரத்தையும் உயர்த்தச் சொன்னேன். லேக் என்று பயந்து அவன் எல்லாவற்றையும் Low வைத்திருந்தான். High ஆக்கினோம். கார்டு 90ஐத் தொட்டது, மார்க்கெட்டில் ஃபிரேம் 63இலிருந்து அசையவில்லை. ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிடும் ரே டிரேசிங்கை மட்டும் தொட வேண்டாம் என்றேன், அது கார்டோடு புராசசரின் தலையிலும் கூடுதல் வேலையை வைக்கும்.

கேமும் மானிட்டரும் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். 1440பி மானிட்டர் வாங்கினால் பிக்சல் 36,86,400 ஆகும், கார்டின் வேலை முக்கால் பங்குக்கு மேல் கூடும், புராசசரின் வேலை ஏறக்குறைய அதேதான். கதை சொல்லும் பெரிய கேம்களை நல்ல படத்தில் நிதானமாக விளையாட ஆசைப்படுகிறவர் பணத்தின் பெரும்பகுதியைக் கார்டில் போடுவது சரி. கவுண்டர்-ஸ்டிரைக் 2 மாதிரிப் போட்டி கேம்களை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாட நினைப்பவருக்கு ஒரு ஃபிரேமுக்கு 6.9 மில்லிசெகண்டுதான் இருக்கிறது. அவர்கள் படத்தின் தரத்தைக் குறைத்துத்தான் விளையாடுவார்கள், கார்டு சீக்கிரம் முடித்துவிடும், அந்த 6.9க்குள் பட்டியலைக் கொடுத்து முடிப்பது புராசசரின் பாடு. அங்கே நான் கார்டில் ஒரு படி இறங்கிப் புராசசரில் ஒரு படி ஏறுவேன். ராம் இரண்டு பேருக்கும் 8 ஜிபியில் இரண்டு ஸ்டிக், அதற்குக் குறைவாக இன்றைக்கு வேண்டாம்.

புது கார்டுக்கென்று ஒதுக்கிய பணம் ஸ்டிக்குக்குப் போனது போக அவனிடம் அப்படியே இருக்கிறது. அவன் போர்டில் ஐ5-12400எஃப் பொருந்தும், அதே சாக்கெட், ஆறு கோர். எப்போது விலை இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று இரவு மார்க்கெட்டில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினான், மூலையில் எண்களோடு. கார்டு 91, புராசசர் 88, ஃபிரேம்டைம் கோடு நேராக. கீழே ஒரு கேள்வியும் இருந்தது: "மாமா, புராசசர் மாத்தினா இந்த 91 எங்க போய் நிக்கும்?" 97க்கு மேலே போகும், அப்போதுதான் கார்டைப் பற்றிப் பேசலாம் என்று பதில் போட்டேன்.